கலந்து பேசிய பாடம், ஒரே மொழியில் குறிப்பு

இன்றைக்குப் பேசப்போவது, கைப்பேசியில் வகுப்பைப் பதிவு செய்துவிட்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருப்பவர்களுக்கு. பதிவில் ஆசிரியர் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசியிருப்பார். நீங்களோ தேர்வைத் தமிழில் எழுதப்போகிறீர்கள், அதனால் குறிப்பும் தமிழில்தான் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதேதான். ஆனால் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் தமிழ்வழி மாணவருடையது. பாடம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் மின்மாற்றி, அதாவது டிரான்ஸ்ஃபார்மர்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். வகுப்பில் அவர் எத்தனையோ சொல்வார், எல்லாம் வெளியே போவதற்காகச் சொன்னதில்லை.

சரி, பதிவைக் கேட்கலாம். பத்தாவது நிமிடத்தில் ஆசிரியர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “சோ, பிரைமரிக்கு ஏசி சப்ளை குடுக்குறோம். குடுத்தா என்ன ஆகும்? கோர்ல ஆல்டர்னேட்டிங் ஃப்ளக்ஸ் செட் அப் ஆகும், ஓகேவா? அந்த ஃப்ளக்ஸ் செகண்டரியோட லிங்க் ஆகுது. லிங்க் ஆகும்போது அதுல இஎம்எஃப் இன்டியூஸ் ஆகும். இதான் மியூச்சுவல் இன்டக்‌ஷன். இப்ப இதே இடத்துல டிசி குடுத்தா? ஃப்ளக்ஸ் இருக்கும், ஆனா சேஞ்ச் ஆகாது. சேஞ்ச் ஆகலன்னா இன்டியூஸ் ஆகாது.”

வகுப்பில் உட்கார்ந்து கேட்கும்போது இது நன்றாகவே புரியும். எழுத உட்காரும்போதுதான் தொல்லை. பலரும் முதலில் செய்வது, ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லை வைப்பது. அப்படிச் செய்தால் “மாறும் பாயம் அமைத்தல் ஆகும், அது துணையோடு இணைப்பு ஆகுது” என்று வரும். இது தமிழும் இல்லை, இயற்பியலும் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று போகாதீர்கள். ஒரு கருத்து முடியும் வரை கேளுங்கள், பதிவை நிறுத்துங்கள், பிறகு பதிவை மறுபடி ஓடவிடாமல் அந்தக் கருத்தை உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். மேலே இருக்கும் துண்டில் கருத்துகள் இரண்டே இரண்டு. மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் என்ன நடக்கிறது, நேர்திசையாக இருந்தால் ஏன் நடப்பதில்லை.

அதை எழுதினால் இப்படி வரும்: “முதன்மைச் சுருளுக்கு மாறுதிசை மின்னழுத்தம் அளிக்கும்போது உள்ளகத்தில் மாறும் காந்தப்பாயம் உருவாகிறது. இந்தப் பாயம் துணைச்சுருளின் வழியாகவும் செல்வதால் அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. இதுவே பரிமாற்று மின்தூண்டல். நேர்திசை மின்னோட்டம் அளித்தால் காந்தப்பாயம் இருக்கும், ஆனால் மாறாது. ஆகவே துணைச்சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படாது.”

“சோ”, “ஓகேவா”, “என்ன ஆகும்” எல்லாம் போய்விட்டன. ஆனால் “ஆனா” போகவில்லை, கவனித்தீர்களா? “ஃப்ளக்ஸ் இருக்கும், ஆனா சேஞ்ச் ஆகாது” என்பதில் பாடமே அந்த “ஆனா”வில்தான் நிற்கிறது. பேச்சில் வரும் சின்னச் சொற்களைக் களையும்போது எல்லாவற்றையும் ஒரே கத்தரியால் வெட்டிவிடக் கூடாது. “சோ” சில இடங்களில் வெறும் மூச்சு வாங்கல், சில இடங்களில் உண்மையாகவே “ஆகவே”. முன்னால் சொன்னது காரணமாக இருந்து பின்னால் விளைவு வந்தால் அதை “ஆகவே” என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுகிற இடம். நாம் ஆங்கில வினைச்சொல்லைத் தமிழில் பேசும்போது அதன் வாலில் “பண்ணு” என்றோ “ஆகு” என்றோ ஒட்டுகிறோம். யார் செய்வது, எது தானாக நடப்பது என்பதை அந்த வால்தான் சொல்கிறது. “கன்வெர்ட் பண்ணுது” என்றால் மாற்றுகிறது. “கன்வெர்ட் ஆகுது” என்றால் மாறுகிறது. “இன்டியூஸ் பண்ணுது” என்றால் தூண்டுகிறது, “இன்டியூஸ் ஆகுது” என்றால் தூண்டப்படுகிறது. பதிவில் ஆங்கிலப் பகுதி அழுத்தமாகக் கேட்கும், வால் மட்டும் விழுங்கப்பட்டுவிடும். அதைக் கேட்காமல் எழுதினால் காரணம் எது, விளைவு எது என்பதே தலைகீழாகிவிடும். அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டுக் கேளுங்கள். கணினியில் VLC வைத்திருந்தால் `[` என்ற விசை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், `]` கூட்டும். Shift-ஐ அழுத்திக்கொண்டு இடது அம்பை அழுத்தினால் மூன்று வினாடி பின்னால் போகும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் வேலை பாதியாகும்.

“ஆகும்”, “ஆகாது” என்பதிலும் அதே ஆபத்து. அதே பாடத்தில் ஆசிரியர் சொல்கிறார்: “கோர லேமினேட் பண்றது எடி கரன்ட்டக் குறைக்கத்தான், ஹிஸ்டெரிசிஸ் லாஸக் குறைக்க இல்ல. அதுக்கு மெட்டீரியல மாத்தணும்.” அந்த “இல்ல” காதில் விழாவிட்டால் உங்கள் குறிப்பில் பெரிய பிழை வந்து உட்கார்ந்துவிடும். சரியாக எழுதினால்: “உள்ளகத்தை ஒன்றுக்கொன்று காப்பிடப்பட்ட மெல்லிய தகடுகளால் அமைப்பது சுழல் மின்னோட்ட இழப்பைக் குறைப்பதற்காக. காந்தத் தயக்க இழப்பைக் குறைக்க, அவ்விழப்பு குறைவாக உள்ள சிலிக்கான் எஃகு போன்ற பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.” காப்பிடுதலையும் சிலிக்கான் எஃகையும் இந்த வாக்கியத்தில் ஆசிரியர் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் முன்னால் சொல்லியிருந்தார் என்றால் இங்கே கொண்டுவந்து சேர்க்கலாம். பதிவில் எங்குமே இல்லை, நீங்கள் பாடநூலில் பார்த்துச் சேர்த்தது என்றால் ஓரத்தில் எழுதி “பாடநூல்” என்று குறித்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் எது யார் சொன்னது என்று தெரிய வேண்டும்.

கலைச்சொற்களுக்கு வருவோம். இங்கே எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. உங்களுக்குப் பிடித்த சொல்லை உருவாக்கிக்கொள்ளாதீர்கள். விடைத்தாளைத் திருத்துபவர் கையில் இருப்பது பாடநூல், அதனால் பாடநூலில் உள்ள சொல்தான் உங்கள் சொல். அதில் இல்லாததைத் தமிழக அரசின் சொற்குவைத் தளத்தில் தேடுங்கள். அங்கே ஒரே ஆங்கிலச் சொல்லுக்குப் பல தமிழ்ச் சொற்கள் கிடைக்கலாம். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் உள்ளகம், இன்னோரிடத்தில் கருவகம், வேறோரிடத்தில் மையம் என்று எழுதினால் படிப்பவர் மூன்று பொருள் இருப்பதாக நினைப்பார். பதிவைக் கேட்கத் தொடங்கும்போதே ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ஆசிரியர் சொல்வது, வலப்பக்கம் நீங்கள் எழுதப்போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்மாற்றிப் பாடத்துக்குப் பதினைந்து, இருபது சொல்லுக்கு மேல் வராது. ஓல்ட், ஆம்பியர் போன்ற அலகுகளையும் சமன்பாட்டுக் குறியீடுகளையும் பாடநூலில் உள்ளபடியே விட்டுவிடலாம்.

ஆனால் தாளைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது. “கரன்ட்” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “வீட்டுக்கு வர்ற கரன்ட்” என்று ஆசிரியர் சொன்னால் அது மின்சாரம். “வோல்டேஜ ஸ்டெப் அப் பண்ணா கரன்ட் குறையும்” என்றால் அது மின்னோட்டம். அந்த இடத்தில் ஆம்பியர் என்ற அலகைப் போட்டுப் பாருங்கள், பொருந்தினால் மின்னோட்டம். “பவர்” என்பதும் அப்படித்தான். “பவர் கட்” வேறு, “ரெண்டு பக்கமும் பவர் சேம்” என்பது வேறு. இரண்டாவது, திறன்.

எண்களுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். நம்மவர்கள் தமிழில் பேசினாலும் எண்களை ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றுபோலவே கேட்கும். பதிவில் ஆசிரியர், “பிரைமரில தவுசண்ட் டர்ன்ஸ், செகண்டரில ஃபிஃப்...”, பிறகு இருமல், “டூ தர்ட்டி வோல்ட் குடுத்தா லெவன் பாயின்ட் ஃபைவ் வோல்ட் கிடைக்கும்” என்கிறார். பலகையில் எழுதியதைச் சுட்டி “இது பை இது ஈக்வல் டு அது பை அது” என்றும் சொல்கிறார். குரல் பதிவில் பலகை இல்லை. பாடநூலைத் திறந்து அந்த “இது”, “அது” என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும்:

Vs / Vp = Ns / Np

இப்போது போட்டுப் பாருங்கள். துணைச்சுருளில் 15 சுற்று என்றால் 230 × 15 ÷ 1000 = 3.45 ஓல்ட். 50 சுற்று என்றால் 230 × 50 ÷ 1000 = 11.5 ஓல்ட். ஆசிரியர் சொன்ன விடை 11.5, ஆகவே அது ஐம்பது. காதால் தீராத சந்தேகம் கணக்கால் தீர்ந்துவிட்டது. விடையும் சேர்ந்து கேட்காத இடமாக இருந்தால் ஊகித்து எழுதாதீர்கள். கேள்விக்குறி போட்டு நிமிடத்தையும் வினாடியையும் எழுதி வையுங்கள்.

ஆசிரியர் தன்னையே திருத்திக்கொள்ளும் இடங்களிலும் விழிப்பாக இருங்கள். “செகண்டரில... சாரி, பிரைமரில” என்பது உடனே வந்துவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் முப்பதாவது நிமிடத்தில் ஒரு மாணவர் சந்தேகம் கேட்டு, அதற்குப் பதில் சொல்லும்போது பத்தாவது நிமிடத்தில் சொன்னதை ஆசிரியர் மாற்றுவார். அதனால்தான் எழுதத் தொடங்கும் முன் பதிவை ஒருமுறை முழுவதும், எழுதாமல், நிமிடங்களை மட்டும் குறித்துக்கொண்டு கேட்கச் சொல்கிறேன். குறிப்பின் வரிசை பாடத்தின் வரிசையாக இருக்கட்டும், பேச்சின் வரிசையாக வேண்டாம். மாணவரின் கேள்விக்கு வந்த பதிலையும் அது சேரவேண்டிய பத்தியிலேயே சேருங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். பலவற்றில் ஒரு மொழியைத் தேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும், கலவைப் பேச்சு அங்கேதான் இடறும். தமிழ் என்று கொடுத்தால் ஆங்கிலக் கலைச்சொற்கள் உருத்தெரியாத எழுத்துகளாக வரும். ஆங்கிலம் என்று கொடுத்தால் தமிழ் வாக்கியங்கள் காணாமல் போகும், அல்லது ஆசிரியர் சொல்லாத ஆங்கிலமாக வந்து நிற்கும். ஆசிரியர் பலகையில் எழுதும் மௌனத்தில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தால் அந்தப் பகுதியை நம்பாதீர்கள். எந்த நிமிடத்தில் எந்தத் தலைப்பு என்று தேட, செயலி தந்த எழுத்தை வைத்துக்கொள்ளலாம். “ஆகும்”, “ஆகாது” என்பதை முடிவு செய்ய உங்கள் காதுதான் வேண்டும்.

கடைசியாக, எழுதிய குறிப்பைப் பதிவு இல்லாமல், வகுப்புக்கு வராத நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்தி “இது எது?” என்று கேட்கிறாரோ அங்கே ஆசிரியர் விரலால் காட்டியது இன்னும் எழுத்தாகவில்லை. அந்த இடங்களையும் நீங்கள் கேள்விக்குறி போட்ட நிமிடங்களையும் ஒரு சின்னத் தாளில் எழுதி, அடுத்த வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் காட்டுங்கள். “பாடம் புரியல” என்று போய் நிற்பதைவிட, “பதினெட்டாவது நிமிஷத்துல நீங்க சொன்ன ரேஷியோல மேல வர்றது எது, கீழ வர்றது எது சார்?” என்று கேட்டால் நின்ற இடத்திலேயே பதில் கிடைக்கும்.