போட்டோவில இருக்கறது எது, கேட்டு வாங்க வேண்டியது எது?

ஆன்லைன்ல விக்கறவங்களுக்கு லிஸ்டிங் எழுதித் தர்ற வேலை பண்றவங்க நம்ம கேட்கறவங்கள்ல நிறைய பேர் இருக்கீங்க. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சின்னப் பட்டறை, பாத்திரக்கடை வச்சிருக்கறவங்க உங்களுக்கு எப்படி வேலை தர்றாங்க? வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. கீழ ஒரே வரி: "தம்பி, இதுக்கு லிஸ்டிங் எழுதிடுங்க." அங்கிருந்து என்ன செய்யணும்னு இன்னைக்கு ஒரு பொருளை வச்சே பார்ப்போம்.

பொருள், மூணு அடுக்கு டிபன் கேரியர். போட்டோவை நல்லா பெருசாக்கிப் பாருங்க. மூணு டப்பா, மேல தட்டையான மூடி, ரெண்டு பக்கமும் கிளிப், தூக்கறதுக்குக் கைப்பிடி. வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கு, டிசைன் எதுவும் இல்ல. படம் சொல்றது இவ்வளவுதான். இதை யாரையும் கேட்காம எழுதலாம்.

இப்போ அவசரத்துல நம்ம கை என்ன டைப் பண்ணும்? "304 ஃபுட் கிரேடு ஸ்டீல், லீக் ப்ரூஃப், 1.5 லிட்டர்." இதுல ஒண்ணுகூட படத்துல இல்ல.

முதல்ல 304. இது ஸ்டீலோட கிரேடு. 304ல நிக்கல் சுமார் 8% இருக்கும். 202ங்கற கிரேடுல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸைக் கூட்டியிருப்பாங்க. அதனால விலை குறையும், துருவைத் தாங்கற சக்தியும் குறையும். பாலிஷ் போட்டுட்டா ரெண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். "காந்தம் ஒட்டல, அப்போ 304"னு கடைக்காரர் சொல்லலாம். அதை நம்பி எழுதாதீங்க. 202லயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அதனால "304 தானேண்ணா?"னு கேட்காதீங்க. "ஆமா"ங்கற பதில்தான் வரும். "நீங்க வாங்கின பில்லுல என்ன கிரேடு போட்டிருக்கு? பில்லை போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா"ன்னு கேளுங்க.

அடுத்து லிட்டர். படத்துல பக்கத்துல ஒரு டம்ளர் இருந்தாலும் அதை வச்சு அளவு சொல்ல முடியாது. டம்ளரே பல சைஸ்ல வருது. கடைக்காரர்கிட்ட எடை மெஷின் இருக்கும்ல? காலி டப்பாவை எடை போடச் சொல்லுங்க. அப்புறம் விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி எடை போடச் சொல்லுங்க. காலியா 180 கிராம், தண்ணியோட 680 கிராம்னா, வித்தியாசம் 500 கிராம். தண்ணி ஒரு கிராம்னா ஒரு மில்லி. அப்போ அந்த டப்பா 500 மில்லி. மூணையும் தனித்தனியா அளக்கணும், ஏன்னா மேல் டப்பா சின்னதா இருக்கலாம். "விளிம்பு வரை"ன்னு லிஸ்டிங்லயும் எழுதிடுங்க. சாப்பாடு வைக்கறப்போ அவ்வளவு கொள்ளாது.

மூணாவது, லீக் ப்ரூஃப். மூடிக்குள்ள வாஷர் இருக்கான்னு மூடின கேரியர் போட்டோவில தெரியவே தெரியாது. மூடியைத் திருப்பி வச்சு ஒரு படம் கேளுங்க. வாஷர் இருந்தா, தண்ணி ஊத்திப் பூட்டி, பத்து நிமிஷம் சாய்ச்சு வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. இல்லன்னா அந்த வார்த்தையே வேண்டாம். சாம்பார் கொட்டின பை போட்டோவோட ஒரு ஸ்டார் ரிவ்யூ வந்தா, அதை அழிக்க உங்களால முடியாது.

இன்னும் சில விஷயம் சட்டப்படியே கேட்டாகணும். 2011ம் வருஷத்து பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் விதிகள்படி, பேக் பண்ணி ஆன்லைன்ல விக்கற பொருளுக்கு, தயாரிப்பாளர் பேர், முகவரி, எம்ஆர்பி, எத்தனை எண்ணம், புகார் சொல்ல தொடர்பு விவரம் எல்லாம் பேஜ்ல காட்டணும். எந்த நாட்டுல செஞ்சதுங்கறதும் வேணும். இதெல்லாம் அட்டைப்பெட்டி லேபிள்ல இருக்கும். அதனால பெட்டியோட எல்லாப் பக்கமும் படம் கேளுங்க. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா, கீழ CM/L நம்பர் இருக்கும். அதை BIS Care ஆப்ல போட்டா லைசன்ஸ் யாருடையதுன்னு காட்டும். பேர் லேபிளோட ஒத்துப்போகலன்னா, முத்திரையைப் பத்தி எழுதாம கடைக்காரர்கிட்ட மறுபடி கேளுங்க.

அப்போ, கடைக்காரருக்கு முதல் பதிலா ரெண்டு விஷயம் ஒரே மெசேஜ்ல போகணும். படத்தை வச்சு எழுதின ட்ராஃப்ட் ஒண்ணு. அதுல தெரியாத இடமெல்லாம் "கொள்ளளவு: ____"னு காலியா இருக்கணும். அடியில நம்பர் போட்டு அஞ்சு கேள்வி: பில், எடை, மூடியோட உள்பக்கம், பெட்டி லேபிள், எம்ஆர்பி. வெறும் கேள்வியா அனுப்பினா, கடையில கூட்டத்துக்கு நடுவுல அவர் பதில் போட மாட்டார். பாதி முடிஞ்ச ட்ராஃப்ட்டைப் பார்த்தா மீதியை நிரப்பத் தோணும்.

ரெண்டு நாள் ஆகியும் கிரேடுக்குப் பதில் வரலையா? அந்த வரியை எடுத்துட்டு மீதியைப் போடுங்க. "மூணு அடுக்கு, ரெண்டு பக்கக் கிளிப், மொத்தம் 1.5 லிட்டர் விளிம்பு வரை"ன்னாலே வாங்கறவங்களுக்குத் தேவையானது கிடைச்சிடும். பில் வந்த அன்னைக்கு கிரேடைச் சேர்த்துக்கலாம்.

உங்களுக்கு வந்த சிக்கலான போட்டோ எதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.