விபரத்திரட்டு அனுப்பியாயிற்று, அடுத்தது என்ன?

தோழர்களே, ஓய்வுபெற்ற ஓர் அக்காவின் கணக்கைப் பார்ப்போம். சேமலாப நிதியில் கிடைத்த 20 இலட்சத்தை வங்கியில் நிலையான வைப்பிலிட்டார். 2025/2026 மதிப்பீட்டு ஆண்டில் வட்டி 1,60,000 ரூபா. அதில் 10 சதவீதம், அதாவது 16,000 ரூபாவை வங்கி வரியாகப் பிடித்தது. வேறு வருமானம் இல்லை. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவானதால் அவருக்கு வரியே இல்லை. பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டு, மகன் இணையவழியில் விபரத்திரட்டை நிரப்பினார்.

முதலில், அது சமர்ப்பிக்கப்பட்டதா, வரைவாகச் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். வரைவு திணைக்களத்துக்குப் போய்ச் சேராது. சமர்ப்பித்திருந்தால் ஏற்புச் சான்று கிடைக்கும். அதிலுள்ள வரி அடையாள இலக்கம், மதிப்பீட்டு ஆண்டு, திகதி மூன்றையும் சரிபாருங்கள். திகதி நவம்பர் 30க்குப் பிந்தக் கூடாது.

அந்தச் சான்று "கிடைத்தது" என்று மட்டுமே சொல்கிறது. "கணக்குச் சரி" என்றோ, "பணம் வருகிறது" என்றோ அதற்குப் பொருளில்லை. விபரத்திரட்டின் பிரதியில் மீளளிப்புத் தொகை 16,000 என்று இருக்கிறதா பாருங்கள். பூச்சியம் என்றிருந்தால், வங்கி பிடித்த வரியைப் பதிய மறந்திருக்கிறோம், திருத்த வேண்டும்.

திணைக்களம் ஆதாரம் கேட்டால் வங்கி தந்த வரிப்பிடிப்புச் சான்றிதழைக் கொடுங்கள். மதிப்பீட்டு அறிவித்தல் வந்து, அதை ஏற்க முடியாவிட்டால், 30 நாட்களுக்குள் எழுத்தில் மீளாய்வு கேட்க வேண்டும். கடிதம் தோட்டத்து முகவரிக்கு வந்து தேங்கிக் கிடந்தால் அந்த நாட்கள் கழிந்துவிடும். ஆகவே, கடிதம் வந்த அன்றே பிரித்துப் பாருங்கள்.