ஓடும் பெண்ணும் ஒடியும் எலும்பும்
(சங்க ஆண்டு விழாவில் மாதர் பகுதியில் ஆற்றிய உரை)



மருத்துவர் ஒருவர் விழா மேடைக்கு வந்தால் சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் நம் வீட்டுப் பெண்களின் எலும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதியோரின் எலும்பையன்று, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்திற்கு ஓடும் பதினேழு வயதுப் பெண்ணின் எலும்பை.

அத்தகைய பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். பெயர் வேண்டா. பள்ளியில் மூவாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஓடுபவள். மூன்று வாரங்களாக வலத் தொடையின் இடுக்கில் வலி. முதலில் ஓட்டத்தின் முடிவில் மட்டும் இருந்தது. பிறகு தொடக்கத்திலேயே வந்தது. இறுதியில் படியேறும்போதும் விடவில்லை. தாயார் தைலம் தேய்த்தார். பயிற்சியாளர் தசைப்பிடிப்பு என்றார். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாயிருக்கிறது என்று அனுப்பிவிட்டனர். அவள் நொண்டிக்கொண்டே மேலும் பத்து நாள் ஓடினாள்.

பிழை எங்கே நேர்ந்தது? கீழே விழுந்து ஒடியும் எலும்பு ஒருகணத்தில் ஒடிகிறது. ஓடுபவரின் எலும்போ சிறிது சிறிதாகக் களைத்து விரிசல் விடுகிறது. இதனை அழுத்த முறிவு என்கிறோம். தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வரை எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்திலேதான் தெரியும். ஆகவே ஓடும் பெண்ணுக்குத் தொடையிடுக்கில் வலி நீடித்தால், எக்ஸ்ரே தெளிவாக இருப்பது அவளை மீண்டும் ஓடவிடுவதற்கு அனுமதியாகாது. ஒற்றைக் காலில் குதித்துக் காட்டச் சொல்வதும் ஆகாது. விரிசல் அக்கணமே முழு முறிவாகக் கூடும்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில், தொடையெலும்பு இடுப்பெலும்போடு சேரும் கழுத்துப் பகுதியின் உட்புறத்தில் விரிசல் இருந்தது. உட்புறத்தில் உடல் எடை எலும்பை அமுக்குகிறது. அங்கே விரிசல் பெரும்பாலும் ஓய்வினாலேயே ஆறும். வெளிப்புறத்திலோ எலும்பு இழுபடுகிறது. அங்கே ஏற்பட்டிருந்தால் விரிசல் விலகி, அறுவை செய்து திருகாணி பொருத்த நேர்ந்திருக்கும். அப்பெண் நூலிழையில் தப்பினாள்.

ஏன் இந்த வயதில் இந்த எலும்பு களைத்தது? இதை அறிய நான் கேட்ட கேள்வி, கடைசியாக மாதவிலக்கு எப்பொழுது என்பது. ஏழு மாதமாக இல்லை என்றாள். "ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தானே டாக்டர், தேர்வு நேரத்தில் தொல்லையில்லாமல் இருந்தது" என்றார் தாயார். தாய்மார்களே, இந்த ஒரு வாக்கியத்தை மறுப்பதற்காகவே நான் இன்று இங்கு நிற்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். அவள் எடை 46 கிலோ. கொழுப்பை நீக்கிய எடை 38 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓட, கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். ஆகவே பத்துக் கிலோமீட்டருக்கு 460 கலோரி. அவள் உண்டதோ ஏறத்தாழ 1500. எஞ்சியது 1040. அதை 38-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 27 கலோரி. இதயம், மூளை, கருப்பை, எலும்பு எல்லாம் இந்த மிச்சத்திலேதான் வாழ வேண்டும். கிலோவுக்கு 45 இருந்தால் உடல் செழிப்பாக நடக்கும். 30-க்குக் கீழே இறங்கினால், ஐந்து நாட்களுக்குள்ளேயே மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன்களின் தாளம் குலைவதை 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இந்த 30 என்பது எல்லாருக்கும் பொருந்தும் கோடன்று. உடலுக்கு உடல் மாறும். உணவைக் கணக்கிடுவதும் துல்லியமாக அமையாது. ஆனால் திசை தவறாது.

வரவு குறைந்த குடும்பம் முதலில் கல்யாணச் செலவை நிறுத்துவதுபோல், உடல் முதலில் கருப்பையின் வேலையை நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜென் குறைகிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்குக் கடிவாளமாக இருந்தது அதுதான். கடிவாளம் போனதும் கரைவது மிகுகிறது. உணவுக் குறைவினாலேயே எலும்பைக் கட்டும் வேலையும் தளர்கிறது. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பின் பெரும்பகுதியை ஒரு பெண் பதினெட்டு வயதளவில் சேர்த்துவிடுகிறாள். அந்த ஆண்டுகளில் சேர்க்காதது பின்னர் முழுமையாகத் திரும்புவதில்லை.

இவள் பட்டினி கிடந்தவளா? இல்லை. காலை ஓடிவிட்டு வந்தால் பசியில்லை. ஏழரைக்குப் பள்ளிப் பேருந்து. ஒரு குவளை காப்பியோடு போவாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதால் எண்ணெயையும் இரவுச் சோற்றையும் விட்டாள். எடை பெரிதாகக் குறையவுமில்லை. உடல் தன் செலவையே சுருக்கிக்கொள்வதால் தராசு நம்மை ஏமாற்றும். எனவேதான் எடையை மட்டும் பார்த்து நிம்மதி கொள்ளலாகாது.

வீட்டிலேயே கேட்கத்தக்கவை சில உண்டு. பதினைந்து வயதாகியும் பூப்பெய்தவில்லையா? மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு நின்றதா? முன்பு அழுத்த முறிவு வந்ததா? ஏதேனும் உணவை அஞ்சி ஒதுக்குகிறாளா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். விலக்கு நிற்பதற்குக் கருத்தரிப்பு, தைராய்டு, சினைப்பைக் கோளாறு முதலிய வேறு காரணங்களும் உண்டாதலால் அவற்றை அவர் முதலில் விலக்குவார். தேவையெனில் எலும்பின் அடர்த்தியையும் அளப்பார்.

இனி சிகிச்சை. ஆறு வாரம் ஊன்றுகோல்; பிறகு வலியின்றி நடை; அதன் பின்னரே மெல்ல ஓட்டம். "ஓடவில்லையே, இனி எதற்கு இவ்வளவு சாப்பாடு" என்று அவள் கேட்டாள். எலும்பு கூடுவதற்கும் சக்தி வேண்டும் என்று விளக்கி, குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டினோம். எழுந்ததும் ஒரு வாழைப்பழம், பேருந்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மாலையில் ஒரு பெரிய குவளை கெட்டிப்பால்: இவையே ஏறக்குறைய 400 கலோரி. 1500-உடன் 400 சேர்ந்து 1900. ஓட்டமில்லாத அந்நாட்களில் அது கிலோவுக்கு 50 ஆயிற்று. மீண்டும் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் அதே உணவு 38 தான் தரும். ஆதலால் ஓட்டம் கூடக்கூட இரவுச் சோறும் எண்ணெயும் திரும்பி வந்தன. டில்லிக் குளிரில் உடம்பு முழுதும் போர்த்துத் திரிபவளாதலால் வைட்டமின் டி-யைச் சோதித்துக் குறைவை ஈடுசெய்தோம்.

"மாத்திரை கொடுத்து விலக்கை வரவழைக்கலாகாதா" என்று தாயார் கேட்டார். கருத்தடை மாத்திரையால் உதிரம் வரும். உடல் மீண்டுவிட்டதாகப் பொருளில்லை. எலும்பும் அதனால் காக்கப்படுவதில்லை. அபாய மணியின் நாவைக் கட்டிவிட்டு நெருப்பு அணைந்ததென்று எண்ணுவதற்கு ஒப்பாகும். உணவை மாற்றிப் பல மாதம் பொறுத்தும் விலக்கு திரும்பாதவர்க்கு, தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜென் பட்டையும் இடையிடையே வேறொரு ஹார்மோனும் சிறிது காலம் தருவதுண்டு. அதுவும் உணவோடு சேர்த்தே.

அவளுக்கு எட்டாம் மாதத்தில் விலக்கு தானே திரும்பிற்று. நான்காம் மாதத்திலேயே மெல்ல ஓடத் தொடங்கியிருந்தாள். அன்று தாயார் தொலைபேசியில் கூறிய செய்தி இதுதான்: "டாக்டர், இம்மாதம் வந்துவிட்டது." ஒரு காலத்தில் தொல்லை நீங்கியதென்று மகிழ்ந்த அதே தாயார்.

தாய்மார்களே, பெண்ணை ஓட வேண்டாமென்று தடுக்காதீர்கள். ஓடும் நாளில் அவள் தட்டைப் பாருங்கள். மாதத்திற்கு ஒருமுறை நாட்காட்டியையும் பாருங்கள்.