முழங்காலில் பை விழுந்தால்

திருப்பூரில் தைத்த ஒரு லெக்கிங்ஸை எடுத்து உட்புறத் தையலில் இருக்கும் லேபிளைப் பாருங்கள். பருத்தி 95 சதவீதம், எலாஸ்டேன் 5 சதவீதம் என்று இருக்கும். சிலவற்றில் ஸ்பான்டெக்ஸ் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். திருப்பூரில் எந்தக் கம்பெனி நூலாக இருந்தாலும் அதற்கு லைக்ரா என்றே பெயர். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

ஐந்து சதவீதம் என்றால் ஏதோ கொஞ்சம் தூவியதுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். லெக்கிங்ஸின் எடை 200 கிராம் என்றால், அதில் லைக்ரா 10 கிராம். நூலின் பருமனை டீனியரில் சொல்வார்கள். 20 டீனியர் என்றால், 9,000 மீட்டர் நூல் 20 கிராம் எடை இருக்கும். அப்படியானால் 10 கிராமில் நாலரை கிலோமீட்டர் நூல் இருக்கிறது. நிட்டிங் மெஷினில் இதை ஏறக்குறைய மூன்று மடங்கு இழுத்தபடியே பருத்தி நூலோடு சேர்த்துப் பின்னுகிறார்கள். பதிமூன்று கிலோமீட்டருக்கு மேல் இழுபட்ட நூல், சுருங்கத் துடித்துக்கொண்டு, ஒரு லெக்கிங்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்து எழுந்ததும் முழங்கால் துணி பழைய இடத்துக்குப் போவது அந்தத் துடிப்பால்தான். பருத்திக்கு அந்த வேலை தெரியாது.

இந்த நூலை 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. சங்கிலியில் இளகிய பகுதியும் இறுகிய பகுதியும் மாறி மாறி வரும். இளகிய பகுதிகள் சுருண்டு கிடக்கும், இழுத்தால் நீளும். இறுகிய பகுதிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு பிணைந்து முடிச்சுப்போல நிற்கும். முடிச்சு பிடித்துக்கொள்வதால்தான் நீண்டது திரும்பி வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி சுலபம். சூடு முடிச்சைத் தளர்த்தும். எண்ணெய் இளகிய பகுதிக்குள் புகுந்துகொள்ளும். குளோரின் சங்கிலியையே வெட்டும்.

முதலில் சூடு. லைக்ராவைத் திருப்பூர்க்காரர்களே வேண்டுமென்று ஒரு முறை சுட வைக்கிறார்கள். நிட்டிங் முடிந்து வரும் கிரே துணியை அப்படியே வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். தைத்துக் கொடுத்தாலும் முதல் சலவையிலேயே அளவு குறைந்துவிடும். அதனால் துணியை ஸ்டென்டரில் விடுகிறார்கள். இரண்டு ஓரத்தையும் ஊசிகள் பிடித்துக்கொள்ள, வேண்டிய அகலத்துக்கு விரிந்த நிலையில் துணி சூடான அறைகளுக்குள் ஓடும். சூடு ஏறக்குறைய 190 டிகிரி செல்சியஸ், நேரம் அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடம். அந்த நேரத்தில் முடிச்சுகள் தளர்ந்து, துணி இருக்கும் அகலத்துக்கு ஏற்ப மறுபடி பிணைகின்றன. நூல் தன் இழுவையில் ஒரு பங்கை மறந்துவிடுகிறது. எவ்வளவு மறக்க வேண்டும் என்பதில்தான் ஸ்டென்டர் ஆபரேட்டரின் திறமை. சூடு போதாவிட்டால் துணி சுருண்டுகொண்டே இருக்கும். பத்து டிகிரி கூடினாலோ, துணி மெதுவாக ஓடினாலோ, இழுவை செத்துவிடும். வெள்ளைத் துணியாக இருந்தால் மஞ்சளும் அடிக்கும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். உங்கள் இஸ்திரிப் பெட்டியில் ‘காட்டன்’ என்ற இடத்தில் திருகினால் அடித்தட்டின் சூடு சுமார் 200 டிகிரிக்குப் போகும். அதாவது ஸ்டென்டர் சூடு. லெக்கிங்ஸை அப்படித் தேய்த்தால் அது இரண்டாம் முறையாக ஸ்டென்டருக்குள் போகிறது. ஆனால் இம்முறை அகலம் பார்க்க ஊசியும் இல்லை, நேரம் பார்க்க ஆபரேட்டரும் இல்லை. இதில் ஒரு கொடுமை இருக்கிறது. முழங்காலில் லேசாகப் பை விழுந்திருக்கிறது, தேய்த்தால் சரியாகிவிடும் என்று அந்த இடத்தில்தான் பெட்டியை வைத்து அழுத்துவோம். நீண்டுபோன அதே நிலையில் முடிச்சுகள் மறுபடி பிணைந்து, பையே நிரந்தரமாகிவிடும். கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்கத் திருகும் கிடையாது. தேய்க்கக் கொடுக்கும் மூட்டையிலிருந்து லெக்கிங்ஸைத் தனியே எடுத்து வைப்பதே நல்லது. தேய்த்தே தீர வேண்டும் என்றால் உட்புறம் திருப்பி, மிகக் குறைந்த சூட்டில், இழுக்காமல் தேய்க்கலாம்.

மொட்டை மாடி வெயில் இந்த அளவுக்குச் சூடாகாது. அங்கே கெடுப்பது புற ஊதாக் கதிர். அது சங்கிலியை மெல்ல மெல்ல அரிக்கும், வெள்ளை லைக்ராவை மஞ்சளாக்கும். ஈரத்தோடு இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் துணியின் கனமே நாளெல்லாம் அதை இழுத்துக்கொண்டிருக்கும். நிழலில், கொடியின் மேல் இரண்டாக மடித்துப் போட்டால் போதும்.

அடுத்தது சன்ஸ்கிரீன். இதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்கும் பல பொருள்கள் எண்ணெயில்தான் கரைந்திருக்கும். லைக்ராவின் இளகிய பகுதி எண்ணெயை விரும்பி உறிஞ்சும். உறிஞ்சி உப்பினால் இழுவை குறையும். எண்ணெய் வகைகள் காற்றுபட்டுச் சிக்கேறும்போது உண்டாகும் பொருள்கள் சங்கிலியையும் தாக்கும். பாடி லோஷனும் வியர்வையோடு வரும் உடல் எண்ணெயும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. எண்ணெய் தங்கிய துணியைத் துவைக்காமல் கூடையில் போட்டு வைப்பதுதான் சேதத்தைக் கூட்டுகிறது.

சன்ஸ்கிரீன் துணியைக் கெடுக்க இன்னொரு வழியும் உண்டு. அவோபென்சோன் என்ற பொருள் பல சன்ஸ்கிரீன்களில் இருக்கிறது. இது இரும்புச் சத்துள்ள தண்ணீரோடு சேர்ந்தால் துருப்போன்ற ஆரஞ்சுக் கறை விழும். போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் வெளிர் நிறத் துணியின் இடுப்பிலும் தொடையிலும் வரும் கறைகள் சிலவற்றுக்கு இதுதான் காரணம். துணி துவைக்கும்போதுதான் கறை தெரிய வரும் என்பதால் சோப்பையோ சாயத்தையோ திட்டுவோம். பிறகு செய்யக்கூடாத ஒன்றைச் செய்வோம்: பிளீச்சிங் திரவத்தை ஊற்றுவோம். கறை போகாது, பல நேரம் இன்னும் அழுந்தும். ஆனால் லைக்ரா போய்விடும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து எண்ணெயை எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாறு விட்டுச் சற்று ஊறவைத்து அலசினால் அந்தக் கறை குறையும்.

அப்படி வந்து சேர்ந்தது குளோரின். மூன்றில் மிகக் கடுமையானது இதுதான். பிளீச்சிங் பவுடர், கடையில் விற்கும் வெள்ளை பிளீச் திரவம், நீச்சல் குளத்துத் தண்ணீர், எல்லாவற்றிலும் வேலை செய்வது ஒரே குளோரின்தான், அளவு மட்டும் வேறு. குளத்தில் ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வைத்திருப்பார்கள். பிளீச் திரவத்தில் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. குழாயில் வரும் குடிநீரில் இருப்பது மிகவும் சொற்பம், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மேல்நிலைத் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய அன்றைக்கு மட்டும் லெக்கிங்ஸை ஊறவைக்காதீர்கள். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது பாலபாடம். லைக்ரா கலந்த துணியை வெளுக்க அவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் எடுப்பார்கள்.

பள்ளிச் சீருடைக்கு வாங்கும் வெள்ளை லெக்கிங்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அழுக்கு போகவில்லை என்று அம்மா பிளீச் திரவத்தில் ஊறவைக்கிறார். பருத்தி வெளுக்கிறது, லைக்ரா மஞ்சளாகிறது. மொத்தத்தில் துணி பழுப்பாகத் தெரிகிறது. இன்னும் வெளுக்கட்டும் என்று அடுத்த வாரமும் ஊறவைக்கிறார். சில வாரங்களில் முழங்கால் தொங்கிவிடுகிறது. இடுப்பு மட்டும் ஏன் நிற்கிறது என்றால், அங்கே தனியாகத் தைத்த தடித்த எலாஸ்டிக் இருக்கிறது.

தீம் பார்க்குக்கும் நீச்சல் குளத்துக்கும் லெக்கிங்ஸோடு போகிறவர்கள் வெளியே வந்த உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வீடு வரும்வரை வைத்திருந்தால் குளோரின் வழி நெடுக வேலை பார்க்கும். வாரம் மூன்று நாள் நீந்துகிறவர்களுக்கு அலசுவது மட்டும் போதாது. குளோரின் தாங்கும் லைக்ரா தனியாக இருக்கிறது, நீச்சல் உடைக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். லைக்ராவே இல்லாத, பி.பி.டி. என்ற பாலியெஸ்டரில் செய்த நீச்சல் உடைகள் இன்னும் நாள்படும், ஆனால் அவ்வளவு இழுவை இருக்காது.

ஜீன்ஸில் கதை சற்று மாறும். அதில் லைக்ரா ஒன்றிரண்டு சதவீதம்தான், அதுவும் பருத்தி நூலின் நடுவே மறைந்திருக்கும். பருத்திப் போர்வை கொஞ்சம் காக்கிறது. ஆனால் உள்ளே லைக்ரா அறுந்தால் ரப்பரைப்போல உள்ளுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அறுந்த இடத்தில் பருத்தி நீளமாகவும், அறாத இடத்தில் சுருங்கியும் நிற்பதால் தொடையில் அலை அலையாகத் தெரியும். டிரையரில் அதிக சூட்டில் காயவைத்த ஜீன்ஸில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எது கெடுத்தது என்று துணியே ஓரளவு சொல்லும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பிடியுங்கள். மெல்லிய பளபளப்பான முடிபோன்ற நுனிகள் மேலே துருத்தினால் லைக்ரா அறுந்திருக்கிறது, குளோரினைச் சந்தேகிக்கலாம். நுனி எதுவும் இல்லாமல் தட்டையாகச் செத்துக் கிடந்தால் சூடு. லோஷன் படும் தொடையிலும் இடுப்பிலும் மட்டும் திட்டுத் திட்டாகத் தொய்ந்திருந்தால் எண்ணெய். புதுசாகப் பிரித்த லெக்கிங்ஸே தொய்வாக இருந்தால் உங்கள் சலவையைக் குறை சொல்லக் கடைக்காரருக்கு உரிமையில்லை, அது ஸ்டென்டரிலோ நிட்டிங்கிலோ நடந்த தவறு.

வாங்கிய அன்றே ஒரு அளவு எடுத்து வைக்கலாம். முழங்கால் பக்கம் பேனாவால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அதை 15 சென்டிமீட்டர் வரை இழுத்து அரை மணி நேரம் கிளிப் போட்டு வையுங்கள். விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல துணி பத்தரைக்குள் திரும்பியிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே சோதனையில் பதினொன்றைத் தாண்டினால் அந்தத் துணியில் இழுவை முடிந்துவிட்டது. சுடுநீரில் துவைத்து இறுக்கலாம் என்பார்கள். இறுகுவது பருத்திதான். போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் பை மறுபடி விழும்.