பின்னோக்கு முறையின் பூர்வீகம்



தன்னியக்க வகையிடலைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட பெரியோர் பலர் வீற்றிருக்கும் இந்தச் சபையில் தலைமை வகிக்கும்படி என்னைப் பணித்த செயற்குழுவினருக்கு நன்றி செலுத்துகிறேன். இந்தக் கௌரவத்துக்கு ஈடான உரையை அளிக்க வேண்டுமே என்ற கவலை, அழைப்பு வந்த நாள் முதல் என்னை விட்டு அகலவில்லை.

இம்மாநாட்டின் பிரதான விஷயமாக அறிவிக்கப்பட்டிருப்பது நினைவகச் சிக்கனம். பின்னோக்கு முறையில் இடைமதிப்புகள் யாவற்றையும் சேமித்து வைக்க இடம் போதாதபோது, சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மீண்டும் கணித்துக்கொள்ளலாம் என்பதும், அவ்வாறு செய்தால் நினைவகத் தேவையும் மீள்கணிப்பின் பெருக்கமும் படிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை அளவிலேயே வளருமாறு அமைக்க முடியும் என்று 1992-இல் கிரீவாங்க் நிறுவினார் என்பதும் தாங்கள் அறிந்தவை. இனி வரும் அமர்வுகளில் இதை என்னிலும் வல்லவர்கள் விரித்துரைப்பார்கள். ஆகவே, நெடுநாளாக என் மனத்தை உறுத்திவரும் வேறொரு விஷயத்தை இங்கே முன்வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

பின்னோக்கு முறையின் சரித்திரத்தை எழுதுவோரில் ஒரு சாரார் அதை 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகின்றனர். சற்றுப் பின்னே செல்பவர்கள் 1974-இல் வெர்போஸ் ஹார்வர்டில் அளித்த ஆய்வேட்டோடு நிற்கின்றனர். ஆனால் 1970-இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் செப்போ லின்னைன்மா என்ற மாணவர் பின்னிஷ் மொழியில் எழுதிய முதுகலை ஆய்வேட்டிலேயே இம்முறை முழு உருவில் இருக்கிறது. அதன் சாரம் 1976-இல் 'பிட்' என்ற சஞ்சிகையில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. இவ்வளவு செய்தி இப்போது பலருக்கும் தெரியும். முன்னுரைகளில் ஒரு வரியில் அவர் பெயரைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர் எதற்காக அதைக் கண்டார் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். உகப்பாக்கத்துக்குச் சாய்வு தேடி அவர் புறப்படவில்லை. ஒரு நீண்ட கணிப்பின் ஒவ்வொரு படியிலும் நேரும் முழுதாக்கப் பிழை இறுதி விடையில் எவ்வளவு பிழையாகத் திரள்கிறது என்பதே அவருடைய கேள்வி.

இந்த இரண்டும் ஒரே கணிப்பு என்பதைக் காண, ஸ்பீல்பென்னிங் 1980-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் எடுத்தாண்ட பெருக்கற்பலனையே கொள்வோம். 2, 3, 4, 5 என்ற நான்கு உள்ளீடுகளை வரிசையாகப் பெருக்கினால் 6, 24, 120 என்று இடைமதிப்புகள் வளர்கின்றன. இறுதி விடைக்கு 1 என்று எழுதிப் பின்னோக்கி வந்தால், 24-இன் அட்ஜாயிண்ட் 5 ஆகவும், 6-இன் அட்ஜாயிண்ட் 5×4, அதாவது 20 ஆகவும் அமைகின்றன; வழியிலேயே நான்காம் உள்ளீட்டுக்கு 24, மூன்றாவதற்கு 5×6=30, இரண்டாவதற்கு 20×2=40, முதலாவதற்கு 20×3=60 என்று பகுதி வகைக்கெழுக்கள் நான்கும் கிடைத்துவிடுகின்றன. உள்ளீடுகள் ஆயிரமாயின் சார்பையும் சாய்வையும் சேர்த்துக் கணிக்க 2,995 பெருக்கல்களே போதும்; ஒவ்வொரு வகைக்கெழுவையும் தனித்தனியே பெருக்கி எழுதினால் சாய்வுக்கு மட்டும் 9,98,000 வேண்டும். மொத்தப் பலனை உள்ளீட்டால் வகுக்கும் சுருக்குவழியோ, ஓர் உள்ளீடு பூஜ்யமான மாத்திரத்தில் முறிந்துபோகும். பின்னோக்கு முறையில் வகுத்தலே இல்லையாதலால் அந்த அபாயம் இல்லை.

நான்கு வகைக்கெழுக்களையும் எடுத்துக்கொண்டு, 6-க்குரிய அந்த 20-ஐ நாம் எறிந்துவிடுகிறோம். லின்னைன்மாவுக்கோ அதுவே விடை. 6 என்ற இடத்தில் மிகச் சிறிய பிழை ஒன்று நேர்ந்திருந்தால் 120-இல் அதைப்போல் இருபது மடங்கு பிழை தோன்றும் என்று அந்த எண் அறிவிக்கிறது. 1974-இல் பவுவர் கணிப்பு வரைபடங்களையும் முழுதாக்கப் பிழையையும் இணைத்து எழுதிய கட்டுரையும் இதே வழியில் சென்றது. அதையும் இன்று படிப்பார் அருகிவிட்டனர்.

பின்னோக்கு முறை லைப்னிட்ஸின் சங்கிலி விதியன்றி வேறில்லை, அதற்குப் பூர்வீகம் தேடுவது வீண் என்று, நான் பெரிதும் மதிக்கும் அறிஞர் ஒருவர் முன்னொரு கருத்தரங்கில் கூறினார். அவருடைய புலமைக்கு என் வணக்கம் உரித்து. ஆயினும் அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. 1964-இல் வெங்கர்ட் அளித்த முன்னோக்கு முறையும் அதே சங்கிலி விதிதான். ஆனால் ஆயிரம் உள்ளீடுகளுக்கு அது ஆயிரம் முறை ஓடவேண்டும். எந்தத் திசையிலிருந்து பெருக்கிவருவது என்பதை விதி சொல்லவில்லை. பிழை எங்கே பிறந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று விசாரித்தவருக்கு அந்தத் திசை புலப்பட்டது. ஆகவே அந்த விசாரணையை நீக்கிவிட்டு முறையை மட்டும் ஏற்பது பாதியை இழப்பதாகும்.

இழப்பு எத்தகையது என்பதற்கு ஒரு சிறு உதாரணம் சொல்லுகிறேன். f = √(x+1) − √x என்ற சார்பை x = 10⁸ என்ற இடத்தில், பதினாறு இலக்கத் துல்லியமுள்ள வழக்கமான எண்களால் கணிப்போம். இரண்டு வர்க்கமூலங்களும் பதினாயிரத்தை ஒட்டியவை. விடையோ ஏறத்தாழ 0.00005. கழித்தலில் முன் இலக்கங்கள் அழிந்து, சரியானவை எட்டளவிலேயே எஞ்சுகின்றன. சாய்வையும் தன்னியக்கமாகவே கணிக்கிறோம், அங்கும் 0.00005 அளவான இரண்டு எண்களைக் கழித்து −2.5×10⁻¹³ என்ற விடையைப் பெறுவதால், அதிலும் ஏறக்குறைய அத்தனை இலக்கங்களே நம்பத்தக்கவை. படிநீளம் தேர்ந்து வித்தியாசம் எடுக்கும் முறையின் வெட்டுப்பிழை நமக்கு இல்லை என்பது உண்மை. அதனாலேயே நம்முடைய சாய்வை அப்பழுக்கற்றதென்று பறைசாற்றுகிறோம். முழுதாக்கப் பிழை மட்டும் நம் கண்ணில் படாமல் தங்கிவிடுகிறது.

அதைக் காட்டும் எண் கையிலேயே இருந்தது. முதல் வர்க்கமூலத்தின் அட்ஜாயிண்ட் 1. அதை வர்க்கமூலத்தின் மதிப்பால் பெருக்கி விடையால் வகுத்தால் 2×10⁸ என்று வருகிறது. அந்தப் படியில் நேரும் ஒப்புப்பிழை விடையில் இருபது கோடி மடங்காகும் என்பதே அதன் பொருள். அதே சார்பை 1/(√(x+1)+√x) என்று மாற்றி எழுதினால் அந்த மடங்கு ½-க்கு இறங்கிவிடுகிறது. கணிதத்தில் இரண்டும் ஒன்றே, நிரலில் அன்று.

இதற்கு எல்லைகள் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. இது முதல்வரிசை மதிப்பீடு மாத்திரமே. பிழைகள் தம்முள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் நற்பேற்றை அது அறியாதாகையால் பெரும்பாலும் மிகைப்படவே கூறும். மேலும், அது அளப்பது சார்பின் மதிப்பில் உள்ள பிழையை. என் உதாரணத்தில் மதிப்பும் சாய்வும் ஒருங்கே கெட்டாலும், பொதுவில் சாய்வின் பிழையை அறியச் சாய்வுக் கணிப்பையே மறுபடி வகையிட வேண்டும். ஆனால் முதல் எச்சரிக்கைக்கு ஆகும் செலவோ ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமே. அட்ஜாயிண்டை நீக்குவதற்கு முன் அதை இடைமதிப்பால் பெருக்கி, குறியை விட்டு, ஒரு தொகையில் சேர்த்துவந்தால் போதும்.

இம்மாநாட்டில் சாய்வுகளைச் சமர்ப்பிக்கவிருக்கும் இளைஞர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: தங்கள் அட்டவணைகளில் சார்பின் மதிப்புக்கு அருகே அந்தத் தொகையையும் ஒரு பத்தியாக எழுதுங்கள், தொகை பெருத்து நிற்கும் இடங்களில் சாய்வின் இலக்கங்களையும் சோதித்த பின்பே அதைத் துல்லியமானதென்று சபைக்கு அறிவியுங்கள்.