பாரமும் பாய்ச்சலும்

பழகிய வீரன் ஒருவன், தன்னால் ஒரே முறை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் தோளில் ஏந்தி, மூன்று முறை குந்தி எழுகிறான். உடனே துள்ளினால் முன்னைவிடத் தாழ்வாகவே எழும்புவான். ஏழெட்டு நிமிடம் இளைப்பாறித் துள்ளினாலோ, சிறிது உயர எழும்புவதுண்டு. பாரம் ஒன்றாயிருக்கப் பயன் மாறுவது ஏன்?

தசையிழையில் மயோசின் என்னும் புரதம் ஆக்டின் என்னும் புரதத்தைப் பற்றி இழுப்பதாலேயே தசை சுருங்குகிறது. அதற்குக் கட்டளையிடுவது கால்சியம். கடுமுயற்சியின்போது மயோசினின் ஒரு பகுதியில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அதன் தலை ஆக்டினை நெருங்குகிறது. அதே கால்சியத்துக்கு விசை விரைந்து பிறக்கிறது.

ஆனால் அதே பாரம் களைப்பையும் தருகிறது. தொடக்கத்தில் களைப்பின் கையே ஓங்கியிருப்பதால், பிறந்த ஊக்கம் வெளிப்படுவதில்லை. களைப்பு தணியும்வரை பொறுக்கலாமென்றாலோ, பாஸ்பேட்டின் விளைவும் சில நிமிடங்களில் பெரிதும் தேய்ந்துவிடுகிறது. ஆதலால் எட்டாம் நிமிட உயர்வு முழுவதையும் பாஸ்பேட்டின் கணக்கில் எழுத நான் உடன்படேன். தசையில் ஏறிய வெப்பத்துக்கும் அதில் பங்குண்டு.

பத்துப் பன்னிரண்டு முறை குந்தியெழுந்தால் களைப்பே வெல்லக்கூடும். பயிற்சி குறைந்தவருக்கு உயர்வே தோன்றாமலும் போகலாம். உங்களுக்கு எப்படியென்று அறிய, பாரத்துக்கு முன்பும், பின் 4, 8, 12ஆம் நிமிடங்களிலும் துள்ளிச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பாரமேந்தாத நாளிலும் அவ்வாறே செய்து ஒப்பிடுங்கள். வெறும் துள்ளலே உடலைச் சூடேற்றியிருக்கலாமல்லவா?