பழைய செல் நம்பருக்குப் போன அபராதம்

ஒரத்தநாட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், பழைய பைக்கை விற்கப் போனபோதுதான் அதன் மேல் அபராதம் நிலுவையில் இருப்பதை அறிந்தார். தஞ்சாவூர் சாலையில் வேகக் கேமரா எடுத்த படத்தால் வந்த அபராதம் அது. தகவல் போனது, ஆர்.சி. பதிவில் இருந்த, அவர் எப்போதோ விட்டுவிட்ட செல் நம்பருக்கு.

கேமரா போடும் அபராதத்துக்குக் குறித்த நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆனால் நம்பர் பழையதென்றால் குறுஞ்செய்தி எப்படி வந்து சேரும்?

நாமே பார்த்துவிடலாம். echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணையும், ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுங்கள். நிலுவை இருந்தால் இடம், நேரம், தொகை தெரியும். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா என்று நம்பர் பிளேட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உங்கள் வண்டிதான் என்றால் அங்கேயே கட்டி, ரசீதை எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் அபராதம் என்று .apk கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். அது பணத்தைப் பறிக்கும் வலை. நடவு வேலை தொடங்குமுன், ஆர்.சி.யில் இப்போதைய செல் நம்பரைப் பதிந்துவிடுங்கள்.